நான்காம் பகுதியை லைனில் போய்க் கேளுங்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு லைனை நடத்துகிறேன். லைனில் பேச்செல்லாம் தமிழும் மலாயும்தான். வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலும், புகார் வந்தால் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் பகுதிகளாக எழுதும் 8டி அறிக்கையும் ஆங்கிலத்தில். வேலையைச் செய்தவர் ஒருவர், அதை எழுதுபவர் வேறொருவர் என்பதால் நடந்த காரணம் நடுவழியிலேயே உதிர்ந்துபோகிறது.

ஒருமுறை போர்டுகளில் சிப்புகளுக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக ஈய உருண்டைகள் இருப்பதாகப் புகார் வந்தது. சிப்புகளைப் போர்டில் பற்றவைக்கும் சால்டர் பேஸ்ட் ஃபிரிட்ஜில் இருக்கும் பொருள். எங்கள் பேஸ்டை மூடியைத் திறக்காமல் 4 மணி நேரம் வெளியே வைத்திருந்துதான் பயன்படுத்த வேண்டும். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் அதில் படியும், பேஸ்டை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில் அது கொதித்துத் தெறிக்கும், உருண்டை வரும்.

எங்கள் இளம் இன்ஜினியர் காரணம் எழுதும் நான்காம் பகுதியில் ‘ஓப்பரேட்டர் நடைமுறையைப் பின்பற்றவில்லை’ என்றும், ஐந்தில் ‘மறுபயிற்சி கொடுத்தோம்’ என்றும் எழுதியிருந்தார். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. ஆனால் அனுபவமுள்ள வாடிக்கையாளர் இதை ஏற்கமாட்டார், அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தார் என்று அடுத்த மெயிலிலேயே கேட்பார். அதனால் அனுப்பாமல் நிறுத்திவிட்டு லைனுக்குப் போய் அந்த ஓப்பரேட்டரிடமே கேட்டேன்.

“தம்பி, அன்னைக்கு ஷிஃப்ட் ஆரம்பிச்சதுல இருந்து வரிசையா சொல்லு.”

“பதினோரு மணிக்குத்தாண்ணே மாடல் மாறுதுன்னு சொன்னாங்க, பன்னிரண்டுக்கு ஓடணும்னாங்க. அதுக்கு வேற பேஸ்ட். வெளியே ஒரு ஜார்கூட இல்ல.”

ஒரு மணி நேர அவகாசத்தில் 4 மணி நேர வேலையைக் கேட்டிருக்கிறார்கள். காரணம் பிளானிங்கில் இருந்தது. இன்ஜினியரும் அவரிடம் கேட்டிருந்தார்தான், ஆனால் படிவத்தில் உள்ளபடி நடைமுறையைப் பின்பற்றினாயா என்று. அதற்கு ‘இல்லை’ என்பதைத் தவிர என்ன பதில் வரும்? நேர வரிசையில் கதையாகக் கேட்டால்தான் பதினோரு மணி வெளியே வருகிறது.

இப்போது நான்காம் பகுதியை முதலில் பேசுகிற மொழியிலேயே எழுதிக்கொள்கிறோம், எது கண்ணால் பார்த்தது, எது ஊகம் என்று பிரித்து. ஜாரில் ஈரம் இருந்ததை யாரும் அளக்கவில்லை, அது ஊகம்தான். எனவே ஒரே மாதிரி போர்டில் குளிர்ந்த பேஸ்டையும் குளிர் விட்ட பேஸ்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தோம், உருண்டை குளிர்ந்ததில்தான் வந்தது. அப்புறம்தான் ஆங்கிலம். எழுதியதைத் திரும்பத் தமிழிலோ மலாயிலோ சொல்லி, வேலை செய்தவர் சரி என்ற பிறகே அனுப்புகிறோம்.

இதற்கு நேரம் பிடிக்கும். அதனால் சந்தேகமான போர்டுகளைத் தனியாக எடுத்து வைத்த தகவலை முதல் மெயிலிலேயே அனுப்பிவிட்டு, காரணத்துக்குத் தவணை கேட்கிறோம். ஐந்தாம் பகுதியில் இப்போது மறுபயிற்சி இல்லை. ஷிஃப்ட் தொடங்கும்போதே ஒவ்வொரு வகை பேஸ்டிலும் ஒரு ஜார் வெளியே வரும், எடுத்த நேரமும் திறக்கலாம் என்ற நேரமும் லேபிளில் இருக்கும், குளிர் விட்ட ஜார் இல்லையென்றால் பிளானிங் மாடலை மாற்ற முடியாது.