இளஞ்சிவப்புக் கோடு

மார்ச் 4, செவ்வாய்

28ஆம் திகதி வரவேண்டியது இன்னும் வரவில்லை. காலையில் முதல் சிறுநீரில் கர்ப்ப டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன், ஒரு கோடு அழுத்தமாக, மற்றது ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தால்தான் தெரிகிற இளஞ்சிவப்பு. ஆனால் பெட்டியில் சொன்ன நேரத்துக்குள்ளேயே, நிறத்தோடு வந்தது, காய்ந்த பிறகு தெரிகிற சாம்பல் நிழல் இல்லை. இவர் "கோடு கோடுதானே" என்றார். மாமிக்கு இப்போதைக்குச் சொல்வதில்லை.

மார்ச் 5, புதன், இரவு

பின்னேரம் மண்ணிறமாகத் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரம் நல்ல சிவப்பு. எனக்கு முதல் நாள் இப்படிப் போவதே இல்லை. கட்டிகளும் வருகின்றன, நாரியோடு சேர்ந்து உளைகிறது. மாமி "பிந்தி வந்தா அப்படித்தான் புள்ள, கூடப் போகும்" என்று கொத்தமல்லி அவித்துத் தந்தா. குடித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

கல்லடிப் பாலம் தாண்டி டவுணில் ஒரு லேடி டொக்டரிடம் போனோம். இரத்தத்தில் கர்ப்ப ஹோர்மோன், பீட்டா எச்சிஜி, 31. அப்போ கரு தங்கியது உண்மைதான். ஒரு இலக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, 48 மணித்தியாலம் கழித்து திரும்ப எடுக்க வேண்டும் என்றா. இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஸ்கேனில் ஒன்றும் தெரியாதாம். வேகமாக இறங்கினால் பெரும்பாலும் கரு கலைந்துவிட்டது. மெல்ல இறங்கினாலோ, இறங்காமல் நின்றாலோ, மெல்ல ஏறினாலோ கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் இருக்கலாம், இரத்தம் போவதால் மட்டும் அது இல்லை என்று ஆகாது. ஒரு பக்க வயிற்றுவலி, தோள்மூட்டு நோவு, தலைச்சுற்றி விழுவது, அல்லது மணிக்கு இரண்டு பேட் என்று இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து நனைவது, எது வந்தாலும் இரவு என்று பாராமல் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா.

மார்ச் 8, சனி

9. பாதிக்கும் கீழே. பயம் இறங்கியது, அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

செவ்வாய் அன்று அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டியில் வவுணதீவுக்குப் போய் வந்தேனே, அதனாலா என்று டொக்டரிடம் கேட்டேன். இல்லவே இல்லை என்றா. இவ்வளவு முன்னதாகக் கலைவதற்குப் பெரும்பாலும் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம் கணக்குப் பிழைத்துவிடுவதுதான். கரு ஒட்டி, ஹோர்மோன் சுரக்கத் தொடங்கி, நின்றுவிட்டது. கர்ப்பப்பை உட்சுவர் சில நாள் கூடுதலாகத் தடித்திருந்ததால்தான் இவ்வளவு இரத்தமும் கட்டியும். இதைக் கெமிக்கல் பிரெக்னன்சி என்கிறார்கள். வயிறு கழுவத் தேவையில்லை, தானாகவே வெளியேறிவிடும். டெஸ்ட் எடுக்காத பெண்களுக்கு இது பிந்திய பீரியட்ஸ், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை, நான் கோட்டைப் பார்த்தவள்.

மார்ச் 15, சனி

இன்று டெஸ்டில் ஒரே கோடு. முழுக்க இறங்கிவிட்டது. போலிக் அசிட்டை நிறுத்த வேண்டாம், இரத்தம் தொடங்கிய 5ஆம் திகதியை முதல் நாளாக வைத்து அடுத்த மாதத்தை எண்ணு, நாலைந்து நாள் முன்பின் ஆகலாம் என்றா குடும்பநல மிஸ்.

மிஸ் போனதும் மாமி வந்து "இந்த மாதமும் ஒண்டுமில்லையா புள்ள" என்று கேட்டா. "இருந்தது மாமி, தங்கயில்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டொக்டர் என்ன சொன்னா என்று கேட்டா. 31, 9 இரண்டையும் சொல்லி, முதலிலிருந்து விளங்கப்படுத்தினேன்.