மொசைக் வரைபடம்: முதலில் அகலம், அப்புறம் உயரம்

தேர்வில் மொசைக் வரைபடத்தைக் கொடுத்து, வகைகளைக் குறிக்கும் இரண்டு மாறிகளுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், பலர் இருப்பதிலேயே பெரிய கட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கேட்ட கேள்விக்கான விடை அதில் இல்லை. நான் இதைப் படித்தது ஒரே ஒரு தரவை வைத்துத்தான். R மென்பொருளோடு சேர்ந்தே வரும் டைட்டானிக் தரவு அது. 1912-ல் மூழ்கிய அந்தக் கப்பலில் இருந்த 2,201 பேர் எந்த வகுப்பில் இருந்தார்கள், பிழைத்தார்களா இல்லையா என்பது அதில் இருக்கிறது. நீங்களும் இந்த ஒரு வரியை ஓட்டிப் படத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

```r
mosaicplot(~ Class + Survived, data = Titanic)
```

முதலில் எழுதிய மாறிதான் அகலத்தைத் தீர்மானிக்கிறது. முழுச் சதுரமும் வகுப்பு வாரியாக நான்கு பத்திகளாக வெட்டப்படுகிறது. ஊழியர்கள் 885 பேர், அதனால் அவர்கள் பத்தி படத்தில் 40 சதவீதம். மூன்றாம் வகுப்பு 706 பேர், 32 சதவீதம். முதல் வகுப்பு 325 பேரும் இரண்டாம் வகுப்பு 285 பேரும் ஒல்லியான பத்திகள். யார் எத்தனை பேர் என்பதைத் தவிர அகலம் வேறெதையும் சொல்லவில்லை. தொடர்பைப் பற்றி இதுவரை ஒன்றும் தெரியாது.

அப்புறம் ஒவ்வொரு பத்தியும் தனித்தனியாகக் குறுக்கே வெட்டப்படுகிறது. மேலே இறந்தவர்கள், கீழே பிழைத்தவர்கள். பிழைத்தவர் கட்டத்தின் உயரம், அந்த வகுப்புக்குள் எத்தனை சதவீதம் பேர் பிழைத்தார்கள் என்பது. முதல் வகுப்பில் 325-ல் 203, அதாவது 62 சதவீதம். இரண்டாம் வகுப்பில் 41, மூன்றாம் வகுப்பில் 25, ஊழியர்களில் 24 சதவீதம். தொடர்பே இல்லையென்றால் நான்கு பத்திகளின் வெட்டுக்கோடும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், மொத்தப் பிழைப்பு விகிதமான 32 சதவீதத்தில் நின்றிருக்கும். இங்கே கோடு படிக்கட்டுபோல இறங்குகிறது. தேர்வுத் தாளில் எழுத வேண்டியது இந்த இறக்கத்தைத்தான்.

பரப்பளவை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இதே படத்தில் இருக்கிறது. பிழைத்த ஊழியர்கள் 212 பேர், பிழைத்த முதல் வகுப்பினர் 203 பேர். பரப்பு என்பது ஆள் எண்ணிக்கை என்பதால், ஊழியர் கட்டம் சற்றுப் பெரியது. ஊழியர்களுக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று எழுதினால் விடை தலைகீழாகிவிடும். அது தட்டையாக அகன்ற கட்டம், மற்றது ஒல்லியாக உயர்ந்த கட்டம். ஒப்பிட வேண்டியது உயரத்தை.

மாறிகளின் வரிசையை மாற்றினால் கேள்வியே மாறிவிடும். `~ Survived + Class` என்று கொடுத்தால் இரண்டே பத்திகள் வரும். அப்போது உயரம், பிழைத்தவர்களில் எத்தனை சதவீதம் முதல் வகுப்பினர் என்று சொல்லும். அது 29 சதவீதம்தான். 62-ஐயும் 29-ஐயும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, படம் கையில் கிடைத்ததும் எது முதலில் வெட்டப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

`shade = TRUE` சேர்த்தால் நிறமும் வரும். தொடர்பு இல்லாதிருந்தால் முதல் வகுப்பில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் சுமார் 105 பேர், பிழைத்தவர்களோ 203. இப்படி எதிர்பார்த்ததைவிட மிகவும் கூடிய கட்டம் நீலம், மிகவும் குறைந்த கட்டம் சிவப்பு. இரண்டாம் வகுப்பில் இறந்தவர் கட்டத்துக்கு நிறமே வராது. அதனால் அந்த வகுப்பில் தொடர்பில்லை என்று எழுதிவிடக் கூடாது, அதே பத்தியின் பிழைத்தவர் கட்டம் நீலமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பும் ஊழியர்களும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்பதால் இரு தரப்புக்கும் ஒரே நிலைமை என்று தோன்றும். பாலினத்தைப் பிரித்துப் பார்த்தால் அப்படியில்லை. ஆண்களில் ஊழியர்கள் 22 சதவீதம் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பினர் 17 சதவீதம்தான். பெண்களிலும் ஊழியர்களே மேலே: 23 பேரில் 20 பேர் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் 196-ல் 90 பேர். இரு பாலிலும் மேலே இருந்தும் மொத்தத்தில் ஊழியர்கள் ஒரு படி கீழே தெரிவதற்குக் காரணம், அவர்களில் 862 பேர் ஆண்கள். கப்பலில் ஆண்கள்தான் அதிகம் இறந்தார்கள். இரண்டு மாறிகள் மட்டும் உள்ள படத்தில் இது தெரியாது. அதனால் விடையில் "தொடர்பு உண்டு" என்பதோடு நிறுத்துங்கள், வகுப்புதான் காரணம் என்று எழுத இந்தப் படம் போதாது.