‘லிஃப்ட் பற்றி விவாதித்தல்’ என்று எழுதி நான் மாட்டிக்கொண்ட கதை

எங்கள் குடியிருப்பில் 48 பிளாட்டுகள். சங்கச் செயலாளராக நான் அனுப்பிய முதல் பொதுக்குழு நோட்டீஸில் நான்காவது பொருள் இப்படி இருந்தது: “பழைய லிஃப்ட் பற்றி விவாதித்தல்.” கூட்டத்தில் விவாதித்தோம். பேச்சு சூடுபிடித்தது. ஒருவர் எழுந்து “இப்பவே ஓட்டுக்கு விடுங்க” என்றார். கைகளை எண்ணி, புது லிஃப்ட் போடுவது, அதற்குச் சிறப்பு வசூல் செய்வது என்று முடிவெடுத்துக் கலைந்தோம்.

மூன்றாம் நாள் தரைத்தளத்து உரிமையாளர் ஒருவர் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தார். “விவாதம் என்று போட்டதால்தான் நான் வரவில்லை. வசூலுக்கு வாக்கெடுப்பு என்று நோட்டீஸில் எங்கே இருக்கிறது?” என்பது முதல் கேள்வி. “நோட்டீஸ் கொடுத்தது 1ஆம் தேதி, கூட்டம் 15ஆம் தேதி. இது 14 நாளா?” என்பது இரண்டாவது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சங்கத்தின் விதிகளான பைலாவை எடுத்துப் படித்தபோது இரண்டிலுமே அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

நாள் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பைலா ‘முழுமையான 14 நாட்கள்’ என்கிறது. அப்படியென்றால் நோட்டீஸ் கொடுத்த நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேராது. 2 முதல் 14 வரை எண்ணினால் 13தான். ஒரே ஒரு நாள் குறைவால் கோட்டை விட்டிருந்தேன். வெளியூர் உரிமையாளர்களுக்குத் தபாலில் போனால், அது கிடைத்ததாகக் கொள்ளப்படும் நாளுக்குப் பிறகுதான் கணக்கே தொடங்கும். அதே லிஃப்டுக்காக மறுபடி கூட்டம் கூட்டியபோது, கூட்ட நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, மேலே நான்கு நாள் கூட்டி வைத்துக்கொண்டேன். கைகளில் சேர்த்த நோட்டீஸுக்குக் கையெழுத்து வாங்கினேன், தபாலுக்கு ரசீது எடுத்து வைத்தேன்.

உண்மையான வேலை தீர்மானத்தை எழுதுவதில்தான் இருந்தது. நோட்டீஸைப் படித்துவிட்டு ஓர் உரிமையாளர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றால், கூட்டத்தில் தன்மேல் அதிகபட்சம் என்ன சுமை விழக்கூடும் என்று தெரிந்தே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை உரைகல்லாக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். என்ன வேலை, யாருடைய கொட்டேஷன், உச்சவரம்பு எவ்வளவு, பணம் எந்த நிதியிலிருந்து, மீதியை எப்படிப் பங்கிடுவது, எந்தத் தேதிக்குள் கட்டுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார் என்று எல்லாம் தீர்மானத்துக்குள்ளேயே வந்துவிட வேண்டும். ஏன் இந்தச் செலவு, மற்ற கொட்டேஷன்கள் என்ன ஆயின என்கிற விளக்கமெல்லாம் தனித் தாளில் போய்விட்டது. விளக்கத்தைத் தீர்மானத்தோடு கலந்து எழுதினால், காரணத்தில் உடன்படாதவர் வேலைக்கும் எதிராக வாக்களித்துவிடுவார்.

முதல் வரைவில் எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாகத் திணித்திருந்தேன். பொருளாளர் படித்துவிட்டு, “லிஃப்ட் வேணும், ஆனா சதுர அடிக் கணக்குல வசூல் வேணாம்னு நினைக்கிறவர் எங்க டிக் போடுவார்?” என்று கேட்டார். சரி என்று இரண்டாகப் பிரித்தேன். பிரித்ததும் புதுச் சிக்கல். முதலாவது நிறைவேறி இரண்டாவது தோற்றால், பணமே இல்லாமல் லிஃப்டுக்கு ஒப்பந்தம் போடும் நிலை வந்துவிடும். அதனால் ஒன்றோடொன்றைக் கட்டிப்போட்டேன். கடைசியில் நோட்டீஸில் போனவற்றின் சாரம் இது:

“தீர்மானம் 1: முதல் பிளாக்கின் பழைய லிஃப்டை அகற்றி, இணைப்பிலுள்ள இரண்டாவது கொட்டேஷன்படி புதிய லிஃப்ட் அமைக்க ஒப்புதல் அளிக்கப்படுகிறது. செலவு கொட்டேஷன் தொகையைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. ஒப்பந்தத்தில் தலைவரும் பொருளாளரும் கூட்டாகக் கையெழுத்திட அதிகாரம் அளிக்கப்படுகிறது. தீர்மானம் 2 நிறைவேறினால் மட்டுமே இது நடைமுறைக்கு வரும்.

தீர்மானம் 2: மேற்படி செலவில் பாதி சேமநிதியிலிருந்து எடுக்கப்படும். மீதி, பிளாட்டின் சதுர அடி விகிதத்தில் சிறப்பு வசூலாக இரண்டு தவணைகளில் பெறப்படும்.”

ஒவ்வொரு பிளாட்டும் கட்டவேண்டிய தொகையைத் தனி அட்டவணையாக இணைத்தோம். எல்லோரும் முதலில் புரட்டிப் பார்த்தது அதைத்தான்.

தீர்மானங்களுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். எங்கள் பைலாவின்படி சிறப்பு வசூலுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, ‘வந்திருந்து வாக்களித்தவர்களில்’ முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். அந்தச் சொற்களை அப்படியே எடுத்துப்போட்டு, ஒரு பிளாட்டுக்கு ஒரு வாக்கு, கூட்டு உரிமையாளர்கள் இருந்தாலும் ஒன்றுதான் என்றும், நடுநிலை வகிப்போர் வாக்களித்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள் என்றும் எழுதினேன். அப்போது அது வெறும் முன்னெச்சரிக்கை.

வர முடியாதவர் தமக்குப் பதிலாக வாக்களிக்க ஒரு பிரதிநிதியை நியமிக்கும் ப்ராக்ஸி படிவமும் நோட்டீஸோடேயே போனது. தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்று இரண்டு கட்டங்கள். கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பு படிவம் என் கையில் இருக்க வேண்டும். திருத்தம் வந்தால் பிரதிநிதி என்ன செய்வது என்ற கேள்வி எழுந்ததால், ‘திருத்தங்கள் மீது பிரதிநிதி தம் விருப்பப்படி வாக்களிக்கலாம்’ என்றும் அச்சிட்டோம்.

கூட்டத்துக்கு 32 பிளாட்டுகள் வந்தன. நேரில் 26, ப்ராக்ஸியில் 6. கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வரவேண்டிய எண்ணிக்கையான கோரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 என்பதால் அதில் பிரச்சினை இல்லை. முதல் தீர்மானம் சுலபமாகவே நிறைவேறியது.

இரண்டாவதில்தான் திருத்தங்கள் வந்தன. “ரெண்டாவது பிளாக் லிஃப்டையும் சேர்த்துப் போட்டுடலாமே” என்றார் ஒருவர். பலர் தலையாட்டினார்கள். ஆனால் தலைவர் அனுமதிக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு லிஃப்டுக்கான தொகையைத்தான் அட்டவணையில் காட்டியிருந்தோம், சுமையை அதைவிட ஏற்றுகிற திருத்தம் நோட்டீஸுக்கு வெளியே போய்விடும். இரண்டு தவணையை மூன்றாக்கச் சொன்ன திருத்தம் சுமையைக் கூட்டவில்லை, மொத்தத் தொகையும் மாறவில்லை. அதை வாக்கெடுப்புக்கு விட்டார், நிறைவேறியது.

திருத்தப்பட்ட தீர்மானத்துக்குச் சீட்டில் வாக்கெடுப்பு. ஆதரவு 23, எதிர்ப்பு 7, நடுநிலை 2. எண்ணி முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. வந்த 32 பேரில் முக்கால் என்றால் 24 வேண்டும், ஒன்று குறைகிறது. வாக்களித்த 30 பேரில் முக்கால் என்றால் 22.5, அதாவது 23 போதும். ஒருவர் “தோத்துப்போச்சு” என்றே சொல்லிவிட்டார். தலைவர் நோட்டீஸின் அந்த வரியை வாசித்தார். அந்த வரி 18 நாட்களுக்கு முன்பே, யார் எந்தப் பக்கம் என்று தெரியாதபோதே எல்லோர் கைக்கும் போயிருந்தது. அன்று மாலைதான் கணக்குப் பார்த்து அந்த விளக்கத்தைச் சொல்லியிருந்தால் என்னை விட்டிருக்க மாட்டார்கள்.

‘இதர விஷயங்கள்’ என்ற கடைசிப் பொருளில் பார்க்கிங் பற்றி வாக்கெடுக்கச் சொல்லி ஒரு குரல் வந்தது. குறித்துக்கொண்டேன், அடுத்த நோட்டீஸுக்கு. மினிட்ஸில் இரண்டு தீர்மானங்களையும் நோட்டீஸில் இருந்தபடியே எழுதி, ‘இரண்டு’ என்ற இடத்தில் மட்டும் ‘மூன்று’ என்று மாற்றி, திருத்தத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை எல்லாவற்றையும் பதிந்தேன். தரைத்தளத்துக்காரர் இந்த முறை வந்திருந்தார். எதிர்த்து வாக்களித்த ஏழு பேரில் அவரும் ஒருவர். மினிட்ஸ் பிரதியை வாங்கிப் போய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, தவணைக்கான காசோலையோடு திருப்பிக் கொடுத்தார்.