மூணு பேப்பர், மூணு விதமான பவுண்டு: ஒரு ரிட்டையர்மென்ட் கணக்கு போட்ட கதை

லண்டன்ல பைனான்சியல் பிளானரா வேலை பாக்குறேன். 2025 அக்டோபர்ல ஒரு அண்ணன் வந்தாரு, யாழ்ப்பாணத்துக்காரர், 1991ல இங்க வந்தவர், 2028 மார்ச்ல 65 முடியுது, அன்னைக்கே வேலைய விட்டுடணும்னு முடிவோட இருந்தாரு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்த மாத்தியிருக்கேன்.) உக்காந்ததுமே சொன்னது இதுதான்: "தம்பி, கனக்க விளக்கம் வேண்டாம், மாசம் எவ்வளவு வரும் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கையில மகன் போட்ட ஒரு எக்செல் ஷீட் வச்சிருந்தாரு. ஸ்டேட் பென்ஷன் வாரத்துக்கு 230.25 பவுண்டு, வருஷத்துக்கு 11,973. கம்பெனி பென்ஷன் ஸ்டேட்மென்ட்ல போட்டிருந்தது வருஷத்துக்கு 5,100. வரி இல்லாத சேமிப்புக் கணக்கான ஐசாவுல 52,000 இருக்கு, அதுக்கு 5 பர்சன்ட் வட்டி 2,600. மொத்தம் 19,673, மாசத்துக்கு 1,640. அவருக்கு தேவைன்னு சொன்னது மாசம் 1,400தான் (வீட்டுக் கடன் முடிஞ்சிருச்சு, அவரு மனைவி, அந்த அக்காவுக்கு தனியா வருமானம் இருக்கு). அப்ப மிச்சம்தானே, இவர்கிட்ட எதுக்கு ஃபீஸ் கட்டணும்னு மகன் கேட்டிருக்காப்ல. நியாயமான கேள்வி.

கூட்டல் சரியாதான் இருந்துச்சு. ஆனா கூட்டுன மூணும் ஒரே மாதிரி நம்பர் இல்ல, ஒண்ணு வேற வயசுல ஆரம்பிக்குது, ஒண்ணு அவரு விட்ட பிறகும் வேலை பாக்குறதா நெனைச்சு போட்டது, ஒண்ணு விலைவாசியவே கணக்குல எடுக்கல. ஒவ்வொண்ணா பிரிச்சு மேஞ்சோம்.

முதல்ல ஸ்டேட் பென்ஷன். 230.25ங்கறது நேஷனல் இன்சூரன்ஸ்ங்கற அரசாங்க சந்தாவ 35 வருஷம் கட்டினவங்களுக்கு 2025-26ல கிடைச்ச முழு தொகை. அவரோட போன்லயே அரசு வெப்சைட்ல லாகின் பண்ணி பாத்தோம், 26 வருஷம்தான் ஃபுல் இயரா காட்டுச்சு, வந்த புதுசுல தொண்ணூறுகள்ல ஒரு ஆறு வருஷம் ஓட்டை, அப்புறம் 2020-21, 2021-22 ரெண்டும் ஓட்டை. மேல பெரிய எழுத்துல வாரம் 197.36னு ஃபோர்காஸ்ட் இருந்துச்சு. இங்கதான் முக்காவாசி பேர் ஏமாறுறாங்க. அந்த பெரிய எழுத்து நம்பர், பென்ஷன் வயசு வரைக்கும் நீங்க தொடர்ந்து கட்டுவீங்கன்னு வச்சு போட்டது. இவருக்கு பென்ஷன் வயசு 67, அதாவது 2030 மார்ச். ஆனா நிறுத்தப்போறது 65ல. அதனால இன்னும் மூணு வருஷம்தான் சேரும், மொத்தம் 29, வாரத்துக்கு 190 சொச்சம்தான். இத விட பெரிய அடி, 65லேர்ந்து 67 வரைக்கும் அரசாங்கத்துகிட்ட இருந்து ஒரு காசு வராது. மகன் ஷீட்ல அந்த ரெண்டு வருஷமும் பென்ஷன் வந்துகிட்டு இருந்துச்சு.

பழைய ஓட்டைய அடைக்க முடியாது, ஆறு வருஷத்துக்குள்ள இருக்கறதத்தான் காசு கட்டி நிரப்பலாம். சும்மா விருப்பப்பட்டு கட்டுனா கிளாஸ் 3ங்கற வகை, 2025-26ல வருஷத்துக்கு 923 பவுண்டு. நான் அதத்தான் சொல்ல வாயத் தொறந்தேன், அப்பதான் அந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். வேர்ஹவுஸ் வேலைய விட்டுட்டு சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சாராம், லாபம்னு பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா சுயதொழில்னு பதிவு பண்ணி டேக்ஸ் ரிட்டர்ன் ஒழுங்கா போட்டிருக்காரு. அப்படின்னா சுயதொழில்காரங்களுக்கான கிளாஸ் 2ல கட்டலாம், வருஷத்துக்கு 200 பவுண்டுக்குள்ள முடிஞ்சிரும்! ஆனா வெப்சைட் அத தானா சொல்லாது, கிளாஸ் 3 ரேட்டத்தான் காட்டும், போன் பண்ணித்தான் கேக்கணும். கேட்டாரு, முக்கா மணி நேரம் லைன்ல நின்னாரு, ஒத்துக்கிட்டாங்க. ஒரு வருஷம் அடைச்சா வாரத்துக்கு 6.58 பவுண்டு கூடும், அதாவது வருஷத்துக்கு 342, அதுவும் சாகுற வரைக்கும். போட்ட காசு முதல் வருஷத்துலயே திரும்பிரும். ஆக 31 வருஷம், வருஷத்துக்கு 10,605 பவுண்டு, 67லேர்ந்து. கம்பெனி பென்ஷனுக்காக ஸ்டேட் பென்ஷன்ல ஒரு பகுதிய விட்டுக்குடுத்து காண்ட்ராக்ட் அவுட் ஆனவங்களுக்கு இந்த மாதிரி 35ஆல வகுத்து நேரா வராது, இவருக்கு அந்த சிக்கல் இல்ல.

அடுத்து கம்பெனி ஃபண்ட். ஸ்டேட்மென்ட்ல இருந்த 5,100 பொய் இல்ல, ஆனா அடியில சின்ன எழுத்துல இருக்கறத படிக்கணும். 67 வரைக்கும் நீங்களும் கம்பெனியும் கட்டிகிட்டே இருப்பீங்க, அன்னைக்கு இருக்குற மொத்த பணத்தையும் குடுத்து ஆயுசு முழுக்க வர்ற பென்ஷன் வாங்குவீங்க, அந்த பென்ஷன் விலைவாசி ஏறினாலும் ஏறாது, நீங்க போனா மனைவிக்கு வராது. இதுல ஒண்ணு கூட இவரு பண்ணப்போறது இல்ல. அதனால அந்த வருமான நம்பர தூக்கிப் போட்டுட்டு பாட்ட, அதாவது ஃபண்டுல சேந்திருக்குற மொத்த பணத்த மட்டும் எடுத்துக்கிட்டேன். இப்ப 68,000 இருக்கு. சம்பளம் 34,000, அதுல 6,240க்கு மேல உள்ளதுக்கு 8 பர்சன்ட் போகுது, வருஷத்துக்கு 2,221. விலைவாசியும் சார்ஜும் போக 2 பர்சன்ட் வளரும்னு வச்சா (இது என்னோட அனுமானம், கூட வச்சா கிளையன்ட்டுக்கு சந்தோஷம், எனக்கு பின்னாடி தலைவலி) 2028 மார்ச்ல இன்னைய மதிப்புல கிட்டத்தட்ட 77,000 இருக்கும்.

ஐசா கேஷ்ல இருக்கு. 5 பர்சன்ட்டும் எடுத்து சாப்பிட்டா முதல் அப்படியே இருக்கும்னு அவரு நெனைச்சாரு, நம்பர் அப்படியே இருக்கும்தான், ஆனா வாங்குற சக்தி வருஷா வருஷம் தேயும். மத்த ரெண்டும் இன்னைய பவுண்டுல இருக்கும்போது இதுவும் அப்படித்தான் இருக்கணும், அதனால நெஜ வளர்ச்சி பூஜ்யம்னு வச்சேன். கூரை, கார்னு திடீர் செலவுக்கு 10,000 ஒதுக்கி வச்சோம், மிச்சம் 42,000.

இப்ப மூணையும் ஒரே கோட்டுல அடுக்கணும். 65-67 அந்த ரெண்டு வருஷம் ஐசாவ எடுத்து ஓட்டிடலாம், பென்ஷன் பாட்ட தொடவேண்டாம்னு அவரு நெனைச்சாரு, எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. ஆனா இங்க வருஷத்துக்கு 12,570 வரைக்கும் வருமான வரி இல்ல, அந்த ரெண்டு வருஷமும் அவருக்கு வேற வருமானமே கிடையாது, அந்த இடம் சும்மா வீணாப் போகும். 67க்கு அப்புறம் ஸ்டேட் பென்ஷனே அந்த இடத்த கிட்டத்தட்ட நிரப்பிரும், அப்ப பாட்ல கை வச்சா வரி. அதனால தலைகீழா பண்ணோம். பாட்லேர்ந்து எடுக்குறதுல கால் பங்குக்கு எப்பவும் வரி இல்ல, மீதி முக்கால் பங்கு 12,570க்குள்ள இருந்தா அதுக்கும் இல்ல, அப்படி பாத்தா வருஷத்துக்கு 16,760 வரி கட்டாம எடுக்கலாம். அவருக்கு தேவை 16,800! அளவெடுத்து தச்ச மாதிரி இருந்துச்சு, எனக்கே கொஞ்சம் பெருமை. மொத்தமா எடுக்காம மாசா மாசம் எடுங்கன்னு மட்டும் சொன்னேன், இல்லன்னா முதல் தடவையே எமர்ஜென்சி டேக்ஸ் கோடுன்னு சொல்லி வரிய அதிகமா பிடிச்சுட்டு, திரும்ப வாங்க ஃபார்ம் போட்டு அலையணும்.

அந்த பெருமை நவம்பர் வரைக்கும்தான். பட்ஜெட்ல அந்த 12,570ஐ 2031 ஏப்ரல் வரைக்கும் ஏத்தமாட்டோம்னு சொல்லிட்டாங்க, ஷீட்ட திரும்ப தொறந்து பாத்தப்பதான் என் தப்பு தெரிஞ்சுது. எல்லாத்தையும் இன்னைய பவுண்டுக்கு மாத்தணும்னு மகனுக்கு கிளாஸ் எடுத்தவன், 12,570ஐ மட்டும் அப்படியே விட்டிருக்கேன். உறைஞ்சு கிடக்குற நம்பர் இன்னைய மதிப்புல வருஷா வருஷம் சுருங்கும். விலைவாசி ரெண்டரை பர்சன்ட்னு வச்சா 2030ல அது இன்னைய 11,270க்கு சமம். அதாவது ஸ்டேட் பென்ஷனுக்கு மேல 1,965 இடம் இருக்குன்னு நான் போட்டது வெறும் 670 ஆகிடுச்சு, முதல் ரெண்டு வருஷத்துக்கும் ஐசாலேர்ந்து கொஞ்சம் எடுக்க வேண்டி வந்துது. சாஃப்ட்வேர்ல கூட இத தனியா போய் மாத்தணும், விட்டுட்டா விலைவாசியோட சேத்து ஏத்திகிட்டே போகும்.

திருத்தி போட்டதுல பணம் தீர்ற வயசு 82க்கு மேல இருந்தது 82க்கு கொஞ்சம் முன்னாடி வந்து நின்னுது, ஆறு மாச வித்தியாசம் கூட இருக்காது. ஆனா பணம் எந்த வயசு வரைக்கும் வரும்னு கிளையன்ட்கிட்ட ஒரு தடவ காட்டின கோட்ட மாத்தி காட்டுறது சங்கடம்தான். சொன்னேன். அவரு அத கண்டுக்கவே இல்ல, வேற ஒண்ணதான் பாத்தாரு.

"82க்குப் பிறகு?"

ஸ்டேட் பென்ஷன் மட்டும்தான் அண்ணே, மாசம் 880 சொச்சம், இன்னைய மதிப்புல.

"அப்பா தொண்ணூத்தொண்டு வரைக்கும் இருந்தவர் தம்பி."

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் நான் ஸ்க்ரீன்லயே 1,400ஐ 1,250ஆ மாத்தினேன், கோடு 82லேர்ந்து 90க்கு போச்சு. அவரு நம்பல, திரும்ப 1,400 போட சொன்னாரு, திரும்ப 1,250 போட சொன்னாரு. மாசம் 150 பவுண்டுல எட்டு வருஷமான்னு கேட்டாரு. காரணம் சிம்பிள்தான், 67க்கு அப்புறம் 1,400ல பெரும்பகுதிய அரசாங்கம் குடுக்குது, சொந்தப் பணத்துலேர்ந்து போறது மாசம் 500 சொச்சம்தான், அதுல 150ங்கறது முப்பது பர்சன்ட். மொத்த செலவ பாத்தா பத்துல ஒரு பங்கு, சொந்தப் பணத்து பக்கத்துலேர்ந்து பாத்தா பத்துல மூணு பங்கு. இத பேப்பர்ல எழுதி விளக்குனா யாருக்கும் ஏறாது, கோடு நகர்றத பாத்தாதான் ஏறுது.

அதுவரைக்கும் வாயத் தொறக்காத அக்கா அப்பதான் பேசினாங்க. "அந்த ரெண்டாவது கார நான் எத்தின வருசமா விக்கச் சொல்லுறன்." இன்சூரன்ஸ், சர்வீஸ், பார்க்கிங் பர்மிட் எல்லாம் கூட்டிப் பாத்தா மாசம் 130 வந்துச்சு. அவரு என்னை முறைச்சாரு, நான் லேப்டாப்ப பாத்துகிட்டு இருந்தேன்.

கடைசியா அனுப்புன ரிப்போர்ட்ல ஒரே படம்தான், வயசு கீழ, மாச வருமானம் மேல, மூணு கலர்ல ஸ்டேட், பாட், ஐசா. ரெண்டு கோடு, 1,400க்கு ஒண்ணு, 1,250க்கு ஒண்ணு, ரெண்டும் இன்னைய பவுண்டுல. மார்க்கெட் முதல் ரெண்டு வருஷத்துலயே விழுந்தா என்ன ஆகும்னு அவருக்கு தனியா ஒரு பக்கம் போட்டேன், ஏன்னா நாம பாட்லேர்ந்து நெறைய எடுக்குறதே அந்த ரெண்டு வருஷம்தான், அதனால அதுக்கு வேண்டிய பணத்த ஃபண்டுக்குள்ளயே ஷேர்லேர்ந்து கேஷுக்கு இப்பவே மெல்ல மெல்ல மாத்தச் சொல்லியிருக்கேன்.

ஃபிப்ரவரில வாட்சப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாரு. நேஷனல் இன்சூரன்ஸ் ரெக்கார்ட், 2020-21, 2021-22 ரெண்டுக்கு நேராவும் ஃபுல் இயர். கீழ ஒரு வரி: "கார் இன்னும் விக்கேல்ல."