கடை மூடிய பிறகு சாப்பாடு: எடையைக் கூட்டியது மணியா, அளவா?

மதுரையில் மருந்துக்கடை நடத்துகிறேன். ஷட்டரை இறக்கும்போது பத்து தாண்டிவிடும். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிச் சாப்பிட உட்காரும்போது பத்தே முக்கால். பல வருஷமாக இதுதான் நேரம். கடைசி இரண்டு வருஷத்தில் எடை 76 கிலோவிலிருந்து 82 ஆனது. மருந்து வாங்க வருகிறவர்கள்கூட ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். "பதினொரு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தா அத்தனையும் தொப்பையாத்தான் சேரும்."

கடையை எட்டு மணிக்கு மூட முடியாது. எங்கள் தெருவில் டாக்டர்கள் நோயாளி பார்ப்பதே ஏழு மணிக்கு மேல்தான், மருந்துச் சீட்டு வருவதும் அப்போதுதான். ஆகவே நேரம்தான் காரணம் என்றால் எனக்கு விமோசனம் இல்லை. அக்கா மகள் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். அவளிடம் கேட்டேன். "மாமா, நேரத்தை இப்ப மாத்தாதீங்க. முதல்ல இப்ப சாப்பிடறதை அப்படியே எழுதுங்க. ரெண்டையும் சேர்த்து மாத்தினா எதனால குறைஞ்சதுன்னு தெரியாது" என்றாள். அந்த ஒரு பேச்சுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எழுத ஆரம்பித்ததும் முதல் சிக்கல் சோறு. அட்டவணையில் அரிசி 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி என்று இருக்கும். அது பச்சை அரிசிக்கணக்கு, அதாவது வேகாத அரிசி. வெந்த சோறு தண்ணீர் குடித்து மூன்று பங்கு எடைக்குப் பக்கமாக ஊதிவிடுவதால் 100 கிராமுக்கு சுமார் 130தான். தட்டில் இருக்கும் சோற்றை நிறுத்து அரிசிக் கணக்கைப் போட்டால் ஒரு நாளில் ஐந்நூறு கலோரிக்கு மேல் தப்பு வரும்.

இரண்டாவது சிக்கல் எண்ணெய், அது இன்னும் பெரியது. சாம்பார், பொரியல், சட்னி என்று போனில் தேடினால் வரும் எண்கள் யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பாருக்கு உரியவை. எங்கள் வீட்டுத் தாளிப்பு அதில் இல்லை. அக்கா மகள் எளிதாக ஒரு வழி சொன்னாள்: மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்? எங்களுக்கு மாதம் 4 லிட்டர், 4 பேர். தலைக்கு ஒரு லிட்டர், நாளைக்கு ஏறக்குறைய 30 கிராம். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி என்பதால் கண்ணுக்குத் தெரியாமல் நாளைக்கு 270 கலோரி உள்ளே போகிறது. வீட்டில் இதைச் சொன்னதும், "அப்ப நான்தான் காரணமா?" என்று ஒரு பார்வை வந்தது. அதை விரிவாக எழுதப் போவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். எண்ணெயையும் அந்தந்த வேளையில் சேர்த்து, ஒரு பரோட்டா நாள் இப்படி இருந்தது. காலையில் நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி: 410. மதியம் 350 கிராம் சோறு, குழம்பு, பொரியல், அப்பளம்: 705. சர்க்கரை போட்ட டீ மூன்று: 225. சாயங்காலம் ஒரு உளுந்த வடை: 125. இரவு பத்தே முக்காலுக்கு இரண்டு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட்: 830. அதற்குப் பிறகு டிவி முன்னால் ஒரு கிண்ணம் மிக்சர், நிறுத்துப் பார்த்தால் 50 கிராம்: 270. மொத்தம் 2565.

எல்லா நாளும் பரோட்டா இல்லை. தோசை நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 2400 அளவில் நின்றது. என் உயரம், வயது, எடை, நாள் முழுக்கக் கவுண்டரில் நிற்கிற வேலை எல்லாம் வைத்து உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் கலோரி என்று அவள் போட்ட கணக்கு 2300 பக்கம். இது மதிப்பீடுதான், இருநூறு இப்படியும் அப்படியும் போகும். ஆனாலும் எடை ஏறியதோடு இது பொருந்துகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7700 கலோரி என்று வைத்தால், நாளைக்கு நூறு மிச்சம் இரண்டு வருஷத்தில் ஒன்பது கிலோவாகச் சேர வேண்டும். உடம்பு கனக்கக் கனக்க அதைச் சுமக்கிற செலவும் கூடுவதால் அவ்வளவு ஏறாது. ஆறு கிலோ நம்பக்கூடிய எண்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிச்சம் முழுக்க இரவில்தான் இருந்தது. பரோட்டாவும் மிக்சரும் பகலில் என் கைக்கே வருவதில்லை. கடை மூடிய களைப்பு, திறந்திருக்கிற கடையில் என்ன கிடைக்குமோ அது, சாப்பிட்ட பிறகு தூக்கம் வரும்வரை டிவி. இரவுச் சாப்பாடு எடை போட வைக்கிறது என்று ஊர் சொல்வது இந்த அளவில் பொய்யில்லை. ஆனால் அங்கே வேலை செய்தது கடிகாரமா, மிக்சர் டப்பாவா என்பதுதான் கேள்வி.

அதைப் பிரித்துப் பார்க்க, நேரத்தைத் தொடாமல் அளவை மட்டும் குறைத்தோம். நாளைக்கு 1900 என்று வைத்தோம். மதியச் சோறு 250 கிராம் ஆனது, பொரியல் கூடியது. டீயில் சர்க்கரை பாதி. வடைக்குப் பதில் சுண்டல். இரவு அதே பத்தே முக்காலுக்கு மூன்று தோசை, சாம்பார், இரண்டு அவித்த முட்டை, 660 கலோரி. மிக்சர் வீட்டுக்கு வருவதே நின்றது. நாளின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் வயிற்றுக்குள் போனது.

எடை குறைந்தது. ஒன்றரை மாதத்தில் இரண்டேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நாளைக்கு 400 குறைத்தால் வர வேண்டிய அளவே ஏறக்குறைய வந்தது. எடை பார்த்த முறையையும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் கழிப்பறை போய் வந்து, காபிக்கு முன்னால் ஏறி நின்று எழுதுவேன். ஆனால் ஒரு நாள் எண்ணை நம்ப மாட்டேன், வாரச் சராசரியைத்தான் பார்ப்பேன். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் இரவு சாப்பிட்டு வந்த மறுநாள் 900 கிராம் ஏறியிருந்தது. அவ்வளவு கொழுப்பு சேர ஒரே இரவில் ஏழாயிரம் கலோரி கூடுதலாகத் தின்றிருக்க வேண்டும். வயிற்றில் இன்னும் இருந்த சாப்பாடு, உப்பு பிடித்து வைத்த தண்ணீர், மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேரும்போது தன்னோடு சேர்த்துக்கொள்கிற தண்ணீர், இவைதான் அந்த எடை. மூன்று நாளில் இறங்கிவிட்டது.

அப்புறம்தான் நேரத்தை மாற்றினோம். அதே 1900, அதே தோசை முட்டை, ஆனால் டிபன் கேரியரில் ஏழரை மணிக்குக் கடைக்கு வந்துவிடும். கடைப் பையன் கவுண்டரைப் பார்த்துக்கொள்ள, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

முதல் வாரமே அரைக் கிலோவுக்கு மேல் சட்டென்று இறங்கியது. "பார்த்தியா, நேரம்தான்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அக்கா மகள் அசரவில்லை. "முன்னாடி சாப்பிட்டு எட்டு மணி நேரத்துல எடை பாத்தீங்க, இப்ப பதினொரு மணி நேரம் கழிச்சு பாக்கறீங்க. வயிறு காலியாயிருக்கு, அவ்வளவுதான் மாமா. இன்னும் கொஞ்ச வாரம் எழுதுங்க" என்றாள். எழுதினேன். அந்த ஒரு இறக்கத்துக்குப் பிறகு வாராவாரம் எடை குறைந்த வேகம் முன்பிருந்ததேதான். பிறகு ஸ்டாக் எடுக்கிற வாரத்தில் பழையபடி பத்தே முக்காலுக்குச் சாப்பிட வேண்டி வந்தபோது, அளவு மாறாமலே அந்த அரைக் கிலோ இரண்டு நாளில் திரும்பி வந்தது. நேரத்தை மாற்றிப் பார்க்கிற எவரும் இங்கேதான் ஏமாறுவார்கள். ஒரே தடவை இறங்கி நின்றுவிட்டால் அது வயிற்றின் கனம். வாராவாரம் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கொழுப்பு.

என் ஒருவன் உடம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது தெரியும். ஸ்காட்லாந்தின் அபெர்டீன் பல்கலைக்கழகத்தில் இதையே முறையாகச் செய்து 2022-இல் வெளியிட்டார்கள். அதிக எடையோ உடல் பருமனோ உள்ள 30 பேர், நாலு வாரம் கலோரியில் மற்ற வேளைகளைவிடப் பெரிய பங்கைக் காலையிலும், இன்னொரு நாலு வாரம் அதை மாலையிலும் சாப்பிட்டார்கள். மொத்த அளவு ஒன்றே, உணவையும் ஆய்வாளர்களே கொடுத்தார்கள். இரண்டு முறையிலும் எடை ஒரே அளவுதான் குறைந்தது, உடம்பு செலவழித்த சக்தியிலும் வித்தியாசம் இல்லை. பசியில் மட்டும் வித்தியாசம்: காலையில் அதிகம் சாப்பிட்ட காலத்தில் பசி குறைவு.

எதிர்ப்பக்கம் சொல்லப்படுவது அதே ஆண்டு பாஸ்டனில் வந்த ஆய்வு. 16 பேருக்கு ஒரே சாப்பாட்டை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, போதும் என்று சொல்கிற லெப்டின் ஹார்மோன் குறைந்தது, விழித்திருக்கும் நேரத்தில் உடம்பின் செலவும் நாளைக்கு சுமார் 60 கலோரி குறைந்தது. இது சில நாட்களில் எடுத்த அளவு, எடை மாற்றத்தைப் பார்க்கிற ஆய்வு அல்ல. அறுபது கலோரி என் கணக்கில் அரை வடை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தப் பசிதான். ஆய்வுக்கூடத்தில் பசித்தாலும் கூடுதலாகக் கிடைக்காது. என் வீட்டில் மிக்சர் டப்பா கை நீட்டும் தூரத்தில் இருந்தது.

பசி விஷயத்தில் என் அனுபவம் கொஞ்சம் குழப்பமானது. ஏழரைக்குச் சாப்பிட்டால் பத்தரைக்கு வீடு திரும்பும்போது வயிறு கேட்கும். மதியச் சாப்பாட்டில் ஒரு முட்டையும் கூடுதல் பருப்பும் சேர்த்து, இரவிலிருந்து அந்தக் கலோரியை எடுத்துவிட்டதும் அது அடங்கியது. நெஞ்செரிச்சலோ ஏழரைச் சாப்பாட்டில் நின்றே போனது. சாப்பிட்டவுடன் படுத்தால் அமிலம் மேலே ஏறும் என்பதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் எனக்கு நேரத்தை மாற்றியதில் கிடைத்த உண்மையான லாபம் அதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இரவில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கும் நேரத்தில் இன்சுலின் அவ்வளவு நன்றாக வேலை செய்யாது. அதே சோற்றுக்கு இரவில் ரத்தச் சர்க்கரை பகலைவிட அதிகம் ஏறும். எனக்கு இன்னும் சர்க்கரை வரவில்லை, இருந்தாலும் முடிந்த நாட்களில் கேரியர் ஏழரைக்கு வந்துவிடுகிறது. முடியாத நாட்களில் பதினொரு மணியானாலும் சாப்பிடுகிறேன், அதே மூன்று தோசை. சனிக்கிழமை இரவு கறி தோசை உண்டு. அன்றைக்கு மதியம் சோற்றைக் குறைத்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை காலை எடைக் கருவிப் பக்கம் போக மாட்டேன். இப்போது வாரச் சராசரி 77.