ஓர் எட்டுக்கு எட்டுக் கட்டத்தை டிசிடி வழியாக அனுப்பிப் பார்த்தேன்

ஜேபெக் படங்களில் எழுத்துகளின் ஓரத்தில் ஒரு மெல்லிய அழுக்கு படிந்தாற்போலத் தெரியும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, டிசிடி என்ற உருமாற்றத்தால் ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலைகளின் அளவுகளாக, அதாவது குணகங்களாக, மாற்றும். பிறகு குவாண்டைசேஷன் அட்டவணையில் உள்ள எண்களால் அவற்றை வகுத்து முழு எண்ணாக்கும். அந்த அழுக்கு எந்தப் படியில் உண்டாகிறது என்று எண்களாகவே பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. நிழற்படத்திலிருந்து கட்டத்தை வெட்டி எடுத்தால் 64 எண்களும் தாறுமாறாக இருக்கும், எதுவும் விளங்காது. அதனால் நானே ஒரு கட்டம் செய்துகொண்டேன்: ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் நான்கு பிக்சல்கள் 88, வலப்பக்கம் நான்கு பிக்சல்கள் 168. நடுவில் ஒரே ஒரு செங்குத்தான விளிம்பு.

```python
import numpy as np
from scipy.fft import dctn
b = np.full((8, 8), 88, dtype=np.uint8)
b[:, 4:] = 168
F = dctn(b.astype(float) - 128, norm="ortho")
```

இந்தக் கடைசி வரியில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது `astype(float)`. அதை விட்டுவிட்டால் 88-இலிருந்து 128-ஐக் கழித்த விடை −40 ஆக வராமல் 216 ஆகச் சுற்றிக்கொள்ளும். இருண்ட பக்கம் வெளிச்சமாகிவிடும். இந்தக் கட்டத்தின் சராசரி 128 என்பதால், கழித்த பிறகு முதல் குணகம் சுழியாக இருந்தே ஆக வேண்டும். அங்கே 1024 நின்றால் காரணம் இதுதான். இரண்டாவது `norm="ortho"`. இது இல்லாவிட்டால் குணகங்கள் வேறு அளவில் வந்து, குவாண்டைசேஷன் அட்டவணைக்குப் பொருந்தாமல் போகும். எல்லாப் பிக்சலும் 100 ஆன கட்டத்தைக் கழிக்காமல் கொடுத்துப் பாருங்கள்: முதல் குணகம் சராசரியைப்போல் எட்டு மடங்கு, அதாவது 800 வர வேண்டும். 25600 வந்தால் அளவு தவறு.

வரிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் மேலிருந்து கீழே எந்த மாற்றமும் இல்லை. ஆகவே 64 குணகங்களில் முதல் வரியில் மட்டுமே, அதிலும் சுழியிலிருந்து எண்ணினால் 1, 3, 5, 7 ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே எண்கள் நின்றன: −289.96, 101.82, −68.03, 57.68. மற்ற அனைத்தும் சுழி. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 102400 வருகிறது. தொடக்கத்தில் இருந்த 64 பிக்சல்களின் ±40-களை வர்க்கப்படுத்திக் கூட்டினாலும் அதே 102400. இதுவரை எதுவும் தொலையவில்லை. டிசிடிதான் படத்தைக் கெடுக்கிறது என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

தொலைவது அடுத்த வகுத்தலில்தான். ஜேபெக் தரநிலையின் இணைப்பில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்ட ஒளிர்வு அட்டவணையை எடுத்துக்கொண்டேன். அதன் முதல் வரி 16, 11, 10, 16, 24, 40, 51, 61. நம் நான்கு குணகங்களுக்கு உரியவை 11, 16, 40, 61. வகுத்தால் −26.36, 6.36, −1.70, 0.95, முழு எண்ணாக்கினால் −26, 6, −2, 1. இங்கே `np.round` வேண்டும். `astype(int)` போட்டால் பின்னம் வெட்டுப்பட்டு −1.70 வெறும் −1 ஆகும், 0.95 சுழியாகவே போய்விடும். கூர்மையைத் தாங்கும் குணகங்கள் வீணாகத் தேய்வது இப்படித்தான்.

திரும்பப் பெருக்கினால் −286, 96, −80, 61. ஐந்தாம் இடத்தைக் கவனியுங்கள்: −68 என்று போனது −80 ஆகத் திரும்பியிருக்கிறது. தலைகீழ் உருமாற்றம் செய்து 128-ஐக் கூட்டியபோது ஒரு வரி இப்படி வந்தது:

```
87  91  89  86 | 170 167 165 169
```

நான் தேடிய அழுக்கு இதுதான். விளிம்பு தன் இடத்தில் கூர்மையாகவே நிற்கிறது. ஆனால் சமதளமாக இருந்த 88, 168 இரண்டும் சற்று அலைகின்றன. நான்கு அலைகள் சரியான அளவில் சேர்ந்தால்தான் ஒன்றையொன்று நிரவிச் சமதளம் தரும். ஒன்றின் அளவு மாறினாலும் அந்த நிரவல் குலைந்து, கட்டத்தின் கடைக்கோடிப் பிக்சல் வரை தெரியும்.

தரத்தை 10-க்கு இறக்கினேன். ஜேபெக் கோப்புகளை எழுதும் லிப்ஜேபெக் நிரலகத்தின் கணக்குப்படி அட்டவணை ஐந்து மடங்காகும். 255-ஐத் தாண்டுபவை 255-இல் நிறுத்தப்படும். இப்போது தேறியவை −5, 1 என்ற இரண்டே எண்கள்:

```
92  85  87 111 | 145 169 171 164
```

ஐந்தாம், ஏழாம் குணகங்கள் சுழியானதால் விளிம்பே கரைந்துவிட்டது. 88-இலிருந்து 168-க்கு ஒரே தாவலாக இருந்தது, இப்போது 87, 111, 145, 169 என்று படியேறுகிறது.

அதே விளிம்பை நான்கு பிக்சல் நகர்த்தி இரண்டு கட்டங்களுக்கு இடையே நிறுத்தியும் பார்த்தேன். அப்போது ஒரு கட்டம் முழுதும் 88, அடுத்தது முழுதும் 168. ஒவ்வொன்றிலும் முதல் குணகம் மட்டும் இருக்கும்: −320, 320. இவை 16-ஆலும் மீதியின்றி வகுபடும், தரம் 10-க்குரிய 80-ஆலும் மீதியின்றி வகுபடும். இரண்டு தரத்திலும் 88, 168 அப்படியே திரும்பி வந்தன.