பதிலாக ஓர் எண் போதும்: இயக்குநரிடம் 25 நிமிடம் வாங்கிய அனுபவம்

எங்கள் குழுவுக்கு ஓர் ஆய்வு மையத்தின் இயக்குநரிடம் 25 நிமிடம் தேவைப்பட்டது. கையில் இருந்த இரண்டு வடிவமைப்புகளில் எதைத் தொடர்வது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை எங்கள் பக்கத்தில் நான்கு பேரின் வேலை நகராது. அவர் இருப்பது லண்டனில். மாதத்தில் பாதி நாள் பயணம், மீதி நாள் கூட்டம். அஞ்சலைக் கைபேசியில்தான் படிக்கிறார் என்பது அவருடைய பதில்களிலேயே தெரியும்: அரை வரி, ஒரு சொல், சில சமயம் வெறும் "சரி".

"தங்களுக்கு எப்போது வசதிப்படும் என்று தெரிவியுங்கள், நாங்கள் எப்போதும் தயார்" என்று எங்கள் தரப்பிலிருந்து ஏற்கெனவே ஓர் அஞ்சல் போயிருந்தது. மரியாதையான வாக்கியம்தான். ஆனால் அதைப் படிக்கிறவர் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று பாருங்கள். காலண்டரைத் திறக்க வேண்டும், எந்த வாரத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகிக்க வேண்டும், நேர வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும், பிறகு அதையெல்லாம் வாக்கியமாக எழுத வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே நடந்துகொண்டே படிக்கிறவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பார். மாலைக்குள் அதன்மேல் ஐம்பது அஞ்சல்கள் வந்து விழுந்திருக்கும். பதில் வரவே இல்லை. அதன்பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது.

மூன்று நேரங்களைக் குறிப்பிட்டுக் கேட்பது என்று முடிவு செய்தேன். ஒரே நேரத்தைக் கேட்டால் "முடியாது" என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். வேறு எது முடியும் என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆறு நேரங்களைக் கொடுத்தால் நான்கு பேருடைய காலண்டரில் ஆறு இடங்களைக் காலியாக வைத்துக் காத்திருக்க வேண்டும், படிக்கிறவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை கூடுகிறது. மூன்று என்றால் கைபேசித் திரையில் உருட்டாமலே தெரியும்.

அவருக்கு எழுதுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தைச் சரிசெய்துகொண்டேன். நால்வரிடமும் "எப்போது முடியும்" என்று கேட்கவில்லை, "அடுத்த இரண்டு வாரங்களில் எப்போதெல்லாம் கட்டாயம் முடியாது" என்றுதான் கேட்டேன். முடியாத நேரங்கள் எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வரும். பட்டியலும் சிறியதாக இருக்கும். மிஞ்சிய இடங்களிலிருந்து மூன்றைத் தேர்ந்து, நால்வரின் காலண்டரிலும் "தற்காலிகம், உறுதியாகவில்லை" என்ற தலைப்பில் பதிந்தேன். இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காலண்டரில் ஒரு பதிவைப் போடும்போது, அந்த நேரம் பிறருக்கு 'ஓய்வு' என்று தெரியவேண்டுமா, 'பணியில்' என்று தெரியவேண்டுமா என்று ஓர் அமைப்பு இருக்கும். அது 'ஓய்வு' என்று இருந்தால், பதிவு இருந்தும் வேறொருவர் அதே நேரத்தில் கூட்டம் போட்டுவிடுவார். மூன்றையும் 'பணியில்' என்றே வைத்தேன்.

இயக்குநரின் காலண்டருக்கு மட்டும் எதையும் அனுப்பவில்லை. மூன்று தற்காலிக அழைப்புகளை அனுப்பினால் அவருக்கு மூன்று அறிவிப்புகள் வரும், அவர் ஒன்றை ஏற்று இரண்டை நீக்க வேண்டியிருக்கும். அவருடைய வேலையைக் குறைக்கத்தானே இத்தனை ஏற்பாடும்.

எந்த மூன்று என்பதில்தான் அதிக நேரம் செலவிட்டேன். மூன்றும் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வேறுபட வேண்டும். புதன்கிழமை 10 மணி, 11 மணி, 3 மணி என்று கொடுத்தால் அது பார்வைக்குத்தான் மூன்று. அவர் புதன்கிழமை விமானத்தில் இருந்தால் மூன்றும் ஒரே அடியில் போய்விடும். அதேபோல மூன்று வெவ்வேறு நாட்களில் காலை 10 மணி என்று கொடுத்தாலும், தினமும் அந்த நேரத்தில் அவருக்கு வழக்கமான கூட்டம் இருந்தால் எதுவும் தேறாது. ஒரு தடங்கல் ஒன்றைத்தான் அடிக்க வேண்டும், மற்ற இரண்டைத் தொடக்கூடாது. ஆகவே நாளையும் மாற்றினேன், பொழுதையும் மாற்றினேன். அவருடைய உதவியாளரிடம் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வாரத்தில் எந்தப் பொழுது அவருக்கு எப்போதுமே ஆகாது?" திங்கள் முழுவதும், வியாழன் பிற்பகல் என்று பதில் வந்தது. அந்த இரண்டையும் விலக்கினேன். அடுத்த 48 மணி நேரத்துக்குள் வருகிற எதையும் தொடவில்லை; அவர் அஞ்சலைத் திறப்பதற்குள் அது கடந்துபோயிருக்கலாம்.

நேரக் கணக்கில் ஒரு கண்ணி இருந்தது. இது 2025 மார்ச் மாதக் கடைசியில் நடந்தது. பிரிட்டனில் மார்ச்சின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அந்த ஆண்டு அது மார்ச் 30. என் மூன்று தேதிகளில் இரண்டு அதற்கு முன்பும் ஒன்று அதற்குப் பின்பும் விழுந்தன. எங்கள் பக்கம் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகவே லண்டனில் மாலை 4:30 என்பது மார்ச்சில் எங்களுக்கு எந்த நேரமோ, ஏப்ரலில் அதைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வரும். ஏப்ரல் தேதிக்குப் பழக்கத்தில் 'கிரீன்விச் நேரம் 4:30' என்று எழுதினால், அது லண்டன் கடிகாரத்தில் 5:30 ஆகிவிடும். எனவே அஞ்சலில் சுருக்கக் குறியீடு எதையும் போடாமல் "லண்டன் நேரம்" என்று மட்டும் எழுதினேன். எங்கள் நேரத்தை அதில் சேர்க்கவே இல்லை. இரண்டு நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தனக்கு எது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கு எங்கள் தலைவலி, அவருடையது அல்ல.

மார்ச் 20, வியாழக்கிழமை அன்று அனுப்பிய அஞ்சல் இது. தலைப்பு: "வடிவமைப்புத் தேர்வு: 25 நிமிடம், மூன்றில் ஒரு நேரம்".

"வணக்கம். இரண்டு வடிவமைப்புகளில் ஒன்றைத் தாங்கள் தேர்ந்தெடுக்க 25 நிமிடக் காணொளிச் சந்திப்பு தேவை. எண்ணை மட்டும் பதிலாக அனுப்பினால் போதும்.

1. புதன், மார்ச் 26, காலை 9:00–9:25
2. வெள்ளி, மார்ச் 28, பகல் 12:30–12:55
3. செவ்வாய், ஏப்ரல் 1, மாலை 4:30–4:55

மூன்றும் லண்டன் நேரம். மார்ச் 24, திங்கள் மாலை 5 மணிவரை மூன்றையும் காலியாக வைத்திருக்கிறோம். எதுவும் ஒத்துவராவிட்டால் 0 என்று அனுப்புங்கள். தங்கள் உதவியாளரிடம் பேசி வேறு நேரம் பார்த்துக்கொள்கிறேன்."

கையெழுத்துக்கு மேலே அவ்வளவுதான். திட்டத்தின் பின்னணி, இணைப்புகள், நன்றியுரை எதுவும் இல்லை. கைபேசி அறிவிப்பில் முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். எதற்கு, எவ்வளவு நேரம் என்ற இரண்டும் அதற்குள் வந்துவிட வேண்டும். கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதினேன். வெறும் தேதி இருந்தால் அது என்ன கிழமை என்று தேட வேண்டும். சேர்ந்திருந்தால் நான் தவறாக எழுதியிருந்தாலும் இரண்டும் பொருந்தாததை உடனே கண்டுபிடித்துவிடலாம். தொடக்கத்தோடு முடிவு நேரத்தையும் போட்டதற்குக் காரணம், 12:55 என்பதைப் பார்த்ததும் ஒரு மணிக்கு இருக்கிற அடுத்த கூட்டத்துக்கு இடையூறில்லை என்று அவருக்கே புரியும்.

அந்த 0 என்ற வழியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். மூன்றுமே ஆகாது என்றால், மாற்று நேரத்தைத் தேடிச் சொல்வது தன் கடமை என்று நினைத்துத்தான் பலர் பதிலையே ஒத்திப்போடுகிறார்கள். மறுப்பதும் ஒரு விரலசைவில் முடிந்தால் மறுப்பாவது வரும். மறுப்பு வந்தால் நான் அடுத்ததைச் செய்யலாம்.

காலியான நேரங்களைக் காட்டும் இணையப் பக்கத்தின் சுட்டியை அனுப்பிவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். சமநிலையில் இருப்பவர்களுக்கும், நம்மைத் தேடி வருகிறவர்களுக்கும் அது நல்ல வசதி. ஆனால் நாம் ஒருவரிடம் நேரம் கேட்கிறபோது, அவரை ஒரு பக்கத்தைத் திறக்கவைத்து, கட்டங்களில் தேடவைத்து, பெயரையும் முகவரியையும் தட்டச்சு செய்யவைப்பது நம் வேலையை அவர் தலையில் கட்டுவதுதான். அவராகக் கேட்டால் தரலாம்.

வெள்ளி இரவு பதில் வந்தது: "3". அடுத்த சில நிமிடங்களில் அதற்கு மட்டும் காலண்டர் அழைப்பை அனுப்பினேன். காணொளிச் சுட்டியை இடம் என்ற கட்டத்தில் வைத்தேன். அழைப்பைத் திறந்தவுடன் கண்ணில் படும். இரண்டு வடிவமைப்புகளையும் ஒப்பிடும் ஒரு பக்கத்தை அப்போதுதான் இணைத்தேன். கையோடு 1, 2 இரண்டையும் எங்கள் நால்வரின் காலண்டரிலிருந்தும் நீக்கி, நீக்கிவிட்டதாகச் சொன்னேன். இதை மறந்தால் வீணாகக் காத்துக்கிடக்கிறவர்கள் அடுத்த முறை நேரத்தைக் காலியாக வைக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

இதே முறையில் பிறகு வேறொருவருக்கு எழுதியபோது, வெறும் "சரி" என்று பதில் வந்தது. எது சரி? திருப்பிக் கேட்டால் இன்னொரு சுற்று அஞ்சல். அதனால் முதலாவது நேரத்துக்கே அழைப்பை அனுப்பி, "முதலாவதை எடுத்துக்கொண்டேன், 2 அல்லது 3 என்றால் அந்த எண்ணை அனுப்புங்கள், மாற்றிவிடுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் அழைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டார். இந்த அனுபவத்துக்குப் பிறகு, எங்களுக்கு மிகவும் வசதியான நேரத்தையே முதலில் வைக்கிறேன்.

கெடு கடந்தும் பதில் வராத சமயங்களும் உண்டு. அப்போது பழைய அஞ்சலை "நினைவூட்டல்" என்று மேலே தள்ளிவிடுவதில்லை, ஏனென்றால் அதிலுள்ள ஒரு நேரமாவது காலாவதியாகியிருக்கும். புதிய மூன்று நேரங்களைத் தேர்ந்து, அவற்றுக்கு 4, 5, 6 என்று எண்ணிடுகிறேன். மறுபடியும் 1, 2, 3 என்று தொடங்கினால், அவர் பழைய அஞ்சலைத் திறந்து "2" என்று அனுப்பும்போது எந்தப் பட்டியலின் இரண்டு என்று தெரியாது. இப்போது "2" வந்தால், அது விட்டுக்கொடுத்த பழைய நேரம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. அது இன்னும் காலியாக இருக்கிறதா என்று எங்கள் ஆட்களிடம் கேட்டுவிட்டு, இருந்தால் அதற்கே அழைப்பை அனுப்பிவிடுகிறேன்.